துண்டு விழுந்ததைச் சொல்வது எப்படி?

2022 ஏப்ரல் 19. அமெரிக்கப் பங்குச் சந்தை மணியடித்து மூடிய பிறகு நெட்ஃபிளிக்ஸ் தன் பங்குதாரர்களுக்கு வழக்கமான காலாண்டுக் கடிதத்தை வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு, ஜனவரி முதல் மார்ச் வரை 25 லட்சம் புதிய சந்தாதாரர்கள் சேருவார்கள் என்று அதே கம்பெனிதான் சொல்லியிருந்தது. கடிதத்தில் இருந்ததோ வேறு கணக்கு. புதிதாக யாரும் சேரவில்லை என்பது மட்டுமல்ல, இருந்தவர்களில் 2 லட்சம் பேர் குறைந்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாக ஏறுமுகமாகவே இருந்த எண்ணிக்கை அது. அதற்கு அடுத்து வந்த வரி இன்னும் கசப்பானது: அடுத்த மூன்று மாதத்தில் மேலும் 20 லட்சம் பேர் குறைவார்கள்.

மறுநாள் பங்கு விலை ஒரே நாளில் 35 சதவீதம் சரிந்தது. கம்பெனியின் சந்தை மதிப்பில் சுமார் 5,400 கோடி டாலர் கரைந்தது. ஜனவரியில்தான் 31 லட்சம் பங்குகளை வாங்கிப் போட்டிருந்த பில் ஆக்மன் என்ற பெரும் முதலீட்டாளர், 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு அன்றே எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியேறினார்.

இப்படிப் பார்த்தால் அது படுதோல்வியான அறிவிப்பு. ஆனாலும், இலக்கு தவறிய ஒரு கம்பெனி முதலீட்டாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்தக் கடிதத்தையும் அதற்குப் பின் வந்த உரையாடலையும்தான் காட்டுவேன். விலை சரிவைத் தடுத்தார்களா என்பதை வைத்து அதை எடை போட முடியாது. அடுத்த ஐந்தாறு காலாண்டுகளில் அதில் சொன்னது எத்தனை நடந்தது என்று பார்த்தால்தான் அதன் தரம் தெரியும்.

முதலில் இந்தக் கூட்டம் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடும். அன்றோ மறுநாளோ தொலைபேசியில் ஒரு கூட்டம் நடத்தும். நம் ஊர் பங்குச் சந்தைக்காரர்கள் இதைக் ‘கான்கால்’ என்பார்கள். முதலில் நிர்வாக இயக்குநரும் நிதித் தலைவரும் எழுதி வைத்ததைப் படிப்பார்கள். பிறகு புரோக்கிங் கம்பெனி ஆய்வாளர்களும் முதலீட்டாளர்களும் கேள்வி கேட்பார்கள். படிக்கப்படும் அந்த உரையை நிதித் துறையும், முதலீட்டாளர் தொடர்பு அதிகாரியும், வழக்கறிஞரும் சேர்ந்து எழுதுகிறார்கள். நல்ல காலாண்டில் அதை எழுத ஒரு பிற்பகல் போதும். இலக்கு தவறிய காலாண்டில் ஒவ்வொரு வரிக்கும் சண்டை நடக்கும். நெட்ஃபிளிக்ஸின் வழக்கம் அப்போது சற்று வேறாக இருந்தது: எழுத்து முழுவதும் கடிதத்தில் போய்விடும், பிறகு ஒரு ஆய்வாளர் கேள்வி கேட்க, மேலதிகாரிகள் பதில் சொல்லும் வீடியோ வரும்.

அந்தக் கடிதத்தில் என்னைக் கவர்ந்தது ரஷ்யாக் கணக்கு. உக்ரைன் மீது போர் தொடங்கியதும் நெட்ஃபிளிக்ஸ் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியது. அதனால் 7 லட்சம் சந்தாதாரர்கள் போனார்கள். யாரும் குறை சொல்ல முடியாத காரணம். சோம்பேறியான ஒரு உரையாக இருந்தால் அதிலேயே நின்றிருக்கும்: “ரஷ்யா இல்லையென்றால் வளர்ந்திருப்போம்.” அது பொய்யும் அல்ல. ரஷ்யாவைக் கழித்துப் பார்த்தால் 5 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். கம்பெனியும் அந்த எண்ணைச் சொன்னது.

ஆனால் இலக்கு 25 லட்சம். கிடைத்தது மைனஸ் 2 லட்சம். துண்டு விழுந்தது 27 லட்சம். அதில் ரஷ்யாவின் பங்கு 7 லட்சம்தான். மீதி 20 லட்சத்துக்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும். கடிதம் ரஷ்யாவைச் சொல்லிவிட்டு நிற்காமல், வருமான வளர்ச்சியே கணிசமாகக் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு அந்த மீதிக்கான காரணங்களுக்குள் போனது. இலக்கு தவறியதற்கு ஒரு கம்பெனி காரணம் சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சொன்ன காரணங்களைக் கூட்டினால் விழுந்த துண்டின் அளவு வருகிறதா? பெரும்பாலும் வராது. பத்து ரூபாய் பள்ளத்துக்கு மூன்று ரூபாய் காரணத்தைச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் சொன்ன மற்ற காரணங்கள்: இணைய வசதியுள்ள டிவிகள் பரவும் வேகம் தங்கள் கையில் இல்லை, போட்டி கூடியிருக்கிறது, விலைவாசியும் பொருளாதார மந்தமும் இருக்கிறது. இவற்றோடு ஒன்று, கடவுச்சொல் பகிர்வு. காசு கொடுக்கும் வீடுகள் சுமார் 22 கோடி. அவர்களிடம் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு காசில்லாமல் பார்க்கும் வீடுகள் இன்னும் 10 கோடிக்கு மேல்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் மடக்கலாம். “பத்து கோடி வீடு நேற்றைக்கா ஓசியில் பார்க்க ஆரம்பித்தது? அது பல வருடமாக நடப்பதுதானே? இப்போது எப்படிக் காரணமாகும்?” இந்தக் கேள்வியைக் கடிதமே எடுத்துக்கொண்டது. பகிர்பவர்களின் விகிதம் பல வருடங்களாகப் பெரிதாக மாறவில்லை என்று அதுவே சொன்னது. முன்பு புதிய வீடுகள் வந்துகொண்டே இருந்ததால் இது உறைக்கவில்லை. கொரோனா ஊரடங்கில் வந்த கூட்டம் அதை மறைத்துவிட்டது. இப்போது அலை வடிந்ததும் பாறை தெரிகிறது என்பதுதான் விளக்கம். 2020-ல் மட்டும் சுமார் 3.7 கோடி பேர் சேர்ந்திருந்தார்கள். 2021-ல் அது பாதியாகக் குறைந்தபோது, முந்தைய வருடமே எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்று கம்பெனி நம்பியது. அந்த நம்பிக்கை தப்பு என்பதைத்தான் 2022 ஏப்ரல் காட்டியது.

எதிரில் இருப்பவர் சொல்லப்போகும் ஆட்சேபத்தை நாமே முதலில் எழுதுவது எளிதல்ல. அதற்கு விலையும் உண்டு. “பல வருடமாகத் தெரிந்த பிரச்சினை என்றால் எங்களிடம் ஏன் முன்பே அழுத்திச் சொல்லவில்லை?” என்று பங்குதாரர்கள் மே மாதமே சான் பிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டார்கள். வழக்கு பின்னர் தள்ளுபடியானது. ஆனால் வழக்கறிஞர்கள் ஏன் இப்படிப்பட்ட வரிகளைச் சிவப்பு மையால் அடிக்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

சரி, மீட்சித் திட்டம். பகிர்ந்து பார்ப்பவர்களிடம் சிறு கட்டணம் வாங்குவது ஒன்று. அதன் சோதனை சிலி, கோஸ்டா ரிகா, பெரு ஆகிய மூன்று நாடுகளில் மார்ச்சிலேயே தொடங்கியிருந்தது. இன்னொன்று விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தா. விளம்பரமே வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர் ரீட் ஹேஸ்டிங்ஸ். அதே ஹேஸ்டிங்ஸ்தான் அன்று வீடியோவில், தான் அதை எதிர்த்து வந்ததையும் சொல்லி, இப்போது அதற்குத் தயார் என்றும், ஓரிரு வருடத்தில் வழிவகை காண்போம் என்றும் சொன்னார். நிதித் தலைவர் செலவின் வேகத்தைக் குறைத்து, லாப விகிதத்தை 20 சதவீதத்தை ஒட்டியே வைத்திருப்போம் என்றார்.

இந்தத் திட்டத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். பத்து கோடி ஓசி வீடுகள் என்பது பள்ளத்தின் ஒரு பகுதி. பகிர்வுக் கட்டணம் அதற்கு நேரான மருந்து. விலை ஏற்றியதால் அமெரிக்கா, கனடாவில் மட்டும் 6 லட்சத்து 40 ஆயிரம் பேர் போயிருந்தார்கள். மலிவுச் சந்தா அதற்கு நேரான மருந்து. பள்ளத்தின் எந்தப் பகுதியை எது நிரப்பும் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ‘புதுமைகளில் முதலீடு செய்வோம், வாடிக்கையாளரை மையமாக வைப்போம்’ என்ற ரகத் திட்டத்தில் விரல் வைக்க இடமே இருக்காது.

ஆனாலும் ஆக்மன் ஏன் ஓடினார்? அவர் தன் முதலீட்டாளர்களுக்கு எழுதியதில் திட்டத்தைக் குறை சொல்லவில்லை. மாற்றங்கள் நியாயமானவையே, ஆனால் அவை கம்பெனியின் வருங்காலக் கணக்கை என்ன செய்யும் என்று போதிய நிச்சயத்தோடு தன்னால் கணிக்க முடியவில்லை என்றார். நம்பத்தக்க திட்டம் வேறு, கணிக்கத்தக்க திட்டம் வேறு. முதலாவதை உரையில் கொடுக்கலாம். இரண்டாவது அடுத்தடுத்த காலாண்டுகளில்தான் வரும்.

வந்தது. ஜூலையில் 20 லட்சம் குறையும் என்று சொன்ன இடத்தில் 9 லட்சத்து 70 ஆயிரம்தான் குறைந்தது. இறக்கம் இறக்கம்தான், ஆனாலும் பங்கு விலை ஏறியது. அக்டோபரில் 10 லட்சம் கூடும் என்ற இடத்தில் 24 லட்சம் கூடியது. விளம்பரச் சந்தா அமெரிக்காவில் நவம்பர் 3-ல் 6.99 டாலருக்கு வந்தது; “ஓரிரு வருடம்” என்று சொன்னதிலிருந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. பகிர்வுக் கட்டணம் மட்டும் தாமதமானது. 2023-ன் முதல் காலாண்டில் பரவலாகக் கொண்டுவருவோம் என்றவர்கள், சில திருத்தங்கள் தேவை என்று சொல்லி அடுத்த காலாண்டுக்குத் தள்ளினார்கள். அமெரிக்காவில் மே 23-ல் வந்தது. அந்தக் காலாண்டில் 58 லட்சத்துக்கு மேல் புதிய சந்தாதாரர்கள்.

இந்த வரிசையில் நான் கற்றுக்கொண்டது இரண்டு. மோசமான செய்தியை ஒரே தடவையில், முழுதாக, அடுத்த காலாண்டின் மோசத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டார்கள். “20 லட்சம் குறையும்” என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஏப்ரலில் விலை சற்றுக் குறைவாகச் சரிந்திருக்கலாம். ஜூலையில் மறுபடி ஒரு அதிர்ச்சி வந்திருக்கும். அதற்கு மேல் எந்தத் திட்டத்தையும் யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொன்று, தேதி சொன்னவற்றுக்குத் தேதிப்படி கணக்கு ஒப்பித்தார்கள், தள்ளிப்போனதையும் சேர்த்து.

இவ்வளவும் உலகப் பெரிய கம்பெனி. நம் கான்கால்களில் அதிகம் பேசுவது நடுத்தரக் கம்பெனிகள். அங்கே இந்த உரை எப்படி இருக்கும்? எழுதியே பார்த்துவிடலாம். பம்ப் மோட்டார் செய்யும் ஒரு கற்பனைக் கம்பெனி. மார்ச் காலாண்டில் 120 கோடி ரூபாய் விற்பனை என்று சொல்லியிருந்தது. வந்தது 102 கோடி. துண்டு 18 கோடி.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

“சவாலான சூழலிலும் எங்கள் அணி சிறப்பாகச் செயல்பட்டது. ஏற்றுமதித் தளவாடச் சிக்கல்களால் விற்பனை சற்றுப் பாதிக்கப்பட்டது. ஆர்டர் புத்தகம் வலுவாக இருக்கிறது. இரண்டாம் பாதியில் வளர்ச்சி வேகமெடுக்கும்.”

இதில் பொய் ஒன்றுகூட இல்லை. ஆனால் எண் ஒன்றுகூட இல்லை. ‘சற்று’ என்பது 15 சதவீதம். ஆர்டர் புத்தகம் போன காலாண்டு வரை பேசப்படாத அளவுகோல். விற்பனை விழுந்ததும் அது வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் பாதி என்பது, கேள்வி கேட்பவர்கள் மறந்துபோக ஆறு மாதம் அவகாசம். பல வருடமாகக் கான்கால் கேட்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், ‘இரண்டாம் பாதி’ என்று காதில் விழுந்ததும் சிரிப்பார்கள்.

இப்போது அந்த 18 கோடியைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒரே கேள்விதான்: இதில் எது தானாகத் திரும்பி வரும், எதை உழைத்து மீட்க வேண்டும், எது போனது போனதுதான்?

நிதித் துறை கணக்கைப் பிரிக்கிறது. ஏற்றுமதிச் சரக்கு 7 கோடிக்கு மார்ச் 31-க்குள் கப்பல் ஏறவில்லை. சரக்கு தயார், ஆர்டரும் உண்டு. கப்பலில் ஏற்றிய ரசீது ஏப்ரல் முதல் வாரத்தில்தான் வந்தது, அதனால் கணக்குப்படி விற்பனை அடுத்த காலாண்டில் சேரும். இது தானாக வரும். புதிய உற்பத்தி வரிசை ஜனவரியில் ஓட வேண்டியது, மார்ச் நடுவில்தான் ஓடியது, அதனால் 5 கோடி போனது. அந்த மாதங்களின் உற்பத்தி திரும்பாது, ஆனால் இனிமேல் நிற்காமல் பார்க்கலாம். மீதி 6 கோடி? பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தன் ஆர்டரில் பாதியைப் போட்டிக் கம்பெனிக்கு மாற்றிவிட்டார். காரணம், நம் சரக்கு இரண்டு முறை தாமதமாகப் போனது. இது திரும்பாது. 7, 5, 6. கூட்டினால் 18. கணக்கு முட்டுகிறது.

நிர்வாக இயக்குநருக்கு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பேசப் பிடிக்கும், எது என்று சொல்லவே வேண்டாம். கப்பல்தான் நெட்ஃபிளிக்ஸின் ரஷ்யா. உண்மையான காரணம், ஆனால் பள்ளத்தில் பாதிகூட இல்லை. உரையில் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். அதிகம் வலிக்கும் ஆறு கோடி முதலில் வரட்டும். ஆய்வாளர்கள் எப்படியும் அந்த வாடிக்கையாளரிடம் பேசியிருப்பார்கள். அவர்கள் கேட்டு நாம் ஒப்புக்கொள்வது வேறு, நாமே சொல்வது வேறு.

திருத்திய உரை இப்படிப் போகும்:

“வணக்கம். மார்ச் காலாண்டில் 120 கோடி என்று சொன்னோம். 102 கோடிதான் வந்திருக்கிறது, 18 கோடி குறைவு. அது எங்கே போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு கோடி, எங்கள் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் தன் ஆர்டரில் பாதியை வேறிடத்துக்கு மாற்றியதால். இரண்டு முறை நாங்கள் தாமதமாக அனுப்பினோம், அதுதான் காரணம். அந்த ஆர்டர் இந்த வருடம் திரும்பும் என்று நாங்கள் கணக்கில் வைக்கவில்லை. ஐந்து கோடி, புதிய உற்பத்தி வரிசை இரண்டு மாதம் தாமதமானதால். மீதி ஏழு கோடி சரக்கு மார்ச்சுக்குள் கப்பல் ஏறவில்லை. அது ஏப்ரலில் போய்விட்டது, ஜூன் காலாண்டுக் கணக்கில் வரும். ஆக, 18 கோடியில் 7 கோடிதான் தானாகத் திரும்புகிறது.

ஜூன் காலாண்டுக்கு முன்பு 110 கோடி என்று திட்டமிட்டிருந்தோம். அதில் கப்பல் சரக்கு 7 கூடும், போன வாடிக்கையாளர் 6 குறைவார், புதிய வரிசை இன்னும் முழு வேகத்தில் ஓடாததால் 3 குறையும். ஆக 108 கோடி. முழு வருடத்துக்குச் சொன்ன 460 கோடியை 440 ஆகக் குறைக்கிறோம். இரண்டு புதிய வாடிக்கையாளர்களிடம் மாதிரிச் சோதனை நடக்கிறது. ஆர்டர் கையெழுத்தாகவில்லை, அதனால் இந்த 440-ல் அவர்கள் இல்லை. புதிய வரிசை ஜூலை 31-க்குள் முழு வேகத்துக்கு வர வேண்டும். இப்போது 70 சதவீதத்தில் ஓடுகிறது. அடுத்த கூட்டத்தில் நான் முதலில் சொல்லப்போவது அந்த எண்ணைத்தான்.”

440 எப்படி வந்தது என்று போட்டுப் பார்க்கலாம். போன வாடிக்கையாளர் காலாண்டுக்கு 6 கோடி, வருடத்துக்கு 24. வரிசையின் தாமதம் 3. கப்பல் சரக்கு 7 கூடுகிறது. 460-லிருந்து 20 போனால் 440. கேட்பவர் ஒரு துண்டுக் காகிதத்தில் இதையே போட்டுப் பார்க்க முடிகிறது, அதுதான் முக்கியம். அவர் போட்ட கணக்கும் நம் கணக்கும் ஒன்றானால் மறுநாள் அவர் எழுதும் அறிக்கையில் வசவு இருக்கலாம், சந்தேகம் இருக்காது.

புதிய வாடிக்கையாளர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்கு உள்ளே பெரிய எதிர்ப்பு வரும். விற்பனைப் பிரிவு, “சார், தொண்ணூறு சதவீதம் முடிந்த மாதிரிதான்” என்று சொல்லும். கையெழுத்து ஆகாத ஆர்டரை இலக்கில் சேர்க்கும் கம்பெனிகள்தான் அடுத்த காலாண்டும் இதே உரையைப் படிக்கின்றன. அதற்காக இலக்கைப் படுபாதாளத்துக்கும் இறக்கக் கூடாது. 440 வரும் என்று உள்ளுக்குள் தெரிந்துகொண்டே 400 என்று சொல்லி, பிறகு தாண்டிவிட்டதாகக் கைதட்டல் வாங்குவது இரண்டு காலாண்டுக்கு மேல் செல்லாது. ஆய்வாளர்கள் அந்தக் கம்பெனி சொல்லும் எண்ணோடு பத்து சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே எழுதப் பழகிவிடுவார்கள்.

நம் சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளியில் தெரியாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைச் சிலருக்கு மட்டும் சொல்வதை செபியின் 2015 உள்தகவல் வணிகத் தடை விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே 440 என்ற புதிய எண் கான்காலில் முதன்முதலாக வாயிலிருந்து விழக் கூடாது. பங்குச் சந்தைக்கு அனுப்பும் அறிக்கையில் முதலில் இருக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. மார்ச் கடைசியிலேயே துண்டு தெரிந்துவிட்டது, பழக்கமான ஒரு பெரிய முதலீட்டாளரிடம் முன்கூட்டியே காதில் போட்டுவைக்கலாம் என்று நினைப்பது நேரான குற்றம். 2022 ஏப்ரல் முதல் இந்தக் கூட்டங்களின் ஒலிப்பதிவையும், ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்து வடிவத்தையும் வெளியிடுவது கட்டாயம். பத்துப் பங்கு வைத்திருக்கும் ஒருவரும் பங்குச் சந்தையின் தளத்தில் போய்க் கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

உரை முடிந்ததும் கேள்விகள். எழுதிப் படிப்பதில் யாரும் சமாளித்துவிடுவார்கள், கதை மாட்டுவது இங்கேதான். தயாரிப்பின்போது நிதித் துறையில் கடுகடுப்பான ஒருவரை ஆய்வாளராக உட்காரவைத்துக் கேட்கச் சொல்வது நல்ல பழக்கம். வரக்கூடிய கேள்விகளில் மிக ஆபத்தானது ‘ஏன்’ அல்ல, ‘எப்போது’. “பிப்ரவரி கூட்டத்தில் எல்லாம் சரியாகப் போகிறது என்றீர்களே, அப்போது உற்பத்தி வரிசை தாமதம் என்று தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்றால் நிர்வாகத்துக்குத் தன் தொழிற்சாலையில் நடப்பதே தெரியவில்லை. தெரியும் என்றால் மறைத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உண்மை பெரும்பாலும் ஒரு தேதியில் இருக்கும். நம் கற்பனைக் கம்பெனியின் பதில் இப்படி இருக்கலாம்: “பிப்ரவரி 10-ல் பேசியபோது வரிசை மூன்று வாரம் பின்தங்கியிருந்தது. கூடுதல் ஷிப்ட் போட்டு மார்ச்சுக்குள் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தோம், அதனால் சொல்லவில்லை. அந்தக் கணிப்பு தவறு. வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைத்து எழுதியது மார்ச் 4-ல். இனிமேல் இரண்டு வாரத்துக்கு மேல் தாமதம் என்றால் அந்தக் காலாண்டுக் கூட்டத்திலேயே சொல்வோம்.” இந்தப் பதிலை வழக்கறிஞர் பார்த்தே ஆக வேண்டும், தேதிகள் உள்ளே இருக்கும் மின்னஞ்சல்களோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இதைச் சொல்லாமலிருப்பதே மேல்.

அடுத்த கேள்வி, “யாரை வேலையைவிட்டு அனுப்பினீர்கள்?” இதற்குப் பெயர் சொல்லி ஒருவரைப் பலி கொடுக்கும் நிர்வாக இயக்குநர்களைக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் ஒரு கணம் திருப்தி பரவும். தொழிற்சாலையில் அடுத்த தாமதத்தை மேலே சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். அதைவிட, இந்த வருட ஊக்கத்தொகையை மேல்மட்டம் வாங்கவில்லை என்றால் அதைச் சொல்லலாம், வாங்கியிருந்தால் அந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

கேட்பவர் பக்கத்திலிருந்து ஒன்று. எந்தக் கம்பெனியின் உரையை நம்பலாம் என்று பார்க்க, இந்தக் காலாண்டு எழுத்து வடிவத்தைப் படிப்பதற்கு முன் போன காலாண்டினுடையதைத் திறந்து, அதிலிருக்கும் எண்களையும் தேதிகளையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு புதியதைப் படியுங்கள். அந்த எண்கள் ஒவ்வொன்றும் திரும்ப வருகிறதா, அல்லது சில காணாமல்போய் அவற்றின் இடத்தில் வேறு அளவுகோல் வந்திருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவுகோலை மாற்றுவது என்றால் நெட்ஃபிளிக்ஸே ஒருநாள் அதைச் செய்தது. 2024 ஏப்ரலில், ஒரே காலாண்டில் 93 லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்திருந்த அறிவிப்பிலேயே, 2025-லிருந்து காலாண்டுதோறும் சந்தாதாரர் எண்ணிக்கையைச் சொல்லப்போவதில்லை, வருமானத்தையும் லாபத்தையும் பாருங்கள் என்றது. விழுந்து கிடந்தபோது மாற்றாமல், ஓடிக்கொண்டிருக்கும்போது, எட்டு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்பு கொடுத்து மாற்றினார்கள். அந்த அளவில் நேர்மைதான். இருந்தும் மறுநாள் பங்கு 9 சதவீதம் விழுந்தது.